கடிதமும் தஸ்தாவேஜும்

தர்மபுரி ஜில்லா, பென்னாகரம் தாலூகா, ஏரியூரிலிருந்து ஒரு சகோதரி தம் தகப்பனார் தமக்கு எழுதிய கடிதத்தின் நகலை நமக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டு விலாசத்தையும் பெயர்களையும் விட்டுவிட்டு, முக்கியமான இரண்டு வரிகளை மட்டும் இங்கே தருகிறோம்: "கண்ணு, நான் குடியிருக்கும் வீட்டை இன்று முதல் உனக்கே கொடுத்துவிட்டேன். உன் அண்ணன்மாரிடமும் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை." கீழே கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. "இந்தக் கடிதம் போதுமா? போதாதென்றால் இதையே முத்திரைக் காகிதத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் போதுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

இரண்டும் போதா. தகப்பனாரின் மனம் கடிதத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வீடு இன்னும் அவருடையதாகவே இருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு ஸ்தாவர சொத்தைத் தானம் கொடுக்க ஒரே வழியைத்தான் சொல்கிறது. கொடுப்பவர் கையெழுத்திட்டு, குறைந்த பக்ஷம் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு, ரிஜிஸ்தர் செய்யப்பட்ட தஸ்தாவேஜு வேண்டும். நோட்டரியின் முத்திரை கையெழுத்து இன்னாருடையது என்பதற்குத்தான் உதவும். ரிஜிஸ்திரேஷனுக்கு அது ஈடாகாது. கடிதத்தை உயிலாகவாவது கொள்ளலாமா என்றால், உயிலுக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். மேலும் "இன்று முதல்" என்று எழுதியவர் தம் காலத்துக்குப் பிறகு என்று எண்ணி எழுதவில்லை. ஆகவே நாளைக்கு அவர் காலமாகிவிட்டால், வீடு எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிவிடும். "ஆட்சேபம் இல்லை" என்ற அண்ணன்மாரின் வாய்வார்த்தை, அண்ணிமார் வந்த வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பதை நேயர்களே அறிவார்கள்.

ஆனால் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வீடு தகப்பனாருக்கு எப்படி வந்தது? தாமே சம்பாதித்து வாங்கியதாக இருந்தால் தமக்கு இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கலாம். பாட்டனார் வழியில் வந்த பூர்விக சொத்தாக இருந்தால், பிள்ளைகளுக்கும் அதில் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கும் உண்டு. அப்போது தகப்பனார் தனியாக முழு வீட்டையும் கொடுத்துவிட முடியுமா?

இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே விடை சொல்கிறது. 1985-இல் ஒரு தகப்பனார் தம் பெண்களுக்கு 12 சென்ட் இடத்தை ரிஜிஸ்தர் செய்த செட்டில்மென்ட் பத்திரத்தால் கொடுத்தார். குடும்பத்தின் பூர்விக நிலம் மொத்தம் 3 ஏக்கர் 16 சென்ட். பிற்பாடு அவரே மனம் மாறி, அது பூர்விக சொத்து, கொடுக்க எனக்கு அதிகாரமே இல்லை, ஆகையால் பத்திரம் செல்லாது என்று பெண்களை எதிர்த்து நின்றார். கீழ்க் கோர்ட்டுகளிலும் ஹைகோர்ட்டிலும் பெண்கள் தோற்றார்கள். 2003 டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்புகளைத் தள்ளிவிட்டது. பூர்விக ஸ்தாவர சொத்திலிருந்து நியாயமான ஒரு சிறு பங்கைத் தகப்பனார் தம் பெண்ணுக்குக் கலியாணத்தின் போதோ, அதற்கு வெகுகாலம் பின்னரோ கொடுக்கலாம். 26-இல் ஒரு பங்கு நியாயமானதே என்பது தீர்ப்பின் சாரம். கவனிக்க வேண்டியது 'சிறு பங்கு' என்ற சொல். குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரு வீடு மட்டும்தான் என்றால் இந்தத் தீர்ப்பை நம்பி இறங்கக் கூடாது. அண்ணன்மார் தங்கள் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுப்பதே வழி. உண்மையில் ஆட்சேபம் இல்லையா என்பதும் அப்போது தெரிந்துவிடும்!

நமது சகோதரியின் தகப்பனார் வீட்டைத் தாமே வாங்கியவர் என்று கடிதத்தில் வேறோரிடத்தில் காண்கிறது. ஆகவே மேலே செல்லலாம். முதலில் மூலப் பத்திரத்தையும், பட்டாவையும், வில்லங்கச் சான்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்து வீடுகள் பல நத்தத்தில் இருப்பவை. சிலவற்றுக்குச் சர்க்கார் கொடுத்த நிபந்தனைப் பட்டாதான் இருக்கும். அப்படியானால் அந்தப் பட்டாவின் பின்புறத்து நிபந்தனைகளை வாசிக்காமல் பத்திரம் எழுதப் புறப்படுவது வீண் செலவு.

பத்திரத்தில் சர்வே நம்பர், நான்கெல்லை, நீள அகலம், கட்டடத்தின் விவரம் யாவும் பட்டாவோடு ஒத்திருக்க வேண்டும். பெண் தானத்தை ஏற்றுக்கொண்டதாகப் பத்திரத்திலேயே எழுதி அவரும் கையெழுத்திடுவது உத்தமம். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே ஏற்றுக்கொண்டால்தான் தானம் நிறைவேறும். இது 122-ஆவது பிரிவு. செலவைக் கண்டு மலைக்க வேண்டாம். பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1, ரிஜிஸ்திரேஷன் கட்டணம் நூற்றுக்கு 1. 2023 ஜூலை முதல் உச்ச வரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். மனையும் கட்டடமும் சேர்ந்து 8 லக்ஷ ரூபாய் என்று கணக்கிட்டால் 8,000-மும் 8,000-மும் ஆக 16,000 ரூபாய். எழுத்துக் கூலி தனி.

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஸப்-ரிஜிஸ்திரார் முன் தாக்கல் செய்ய வேண்டும். தகப்பனார் அங்கே நேரில் வந்து, தாம் எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டு, கைரேகை வைக்க வேண்டும். நடக்க முடியாத முதியவரானால், தக்க காரணம் காட்டி விண்ணப்பித்தால் ஸப்-ரிஜிஸ்திராரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதை அறியாமல் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிச் செல்பவர்களைக் கண்டிருக்கிறோம்.

இதுவரை பெண்ணின் பக்கத்திலிருந்து பேசினோம். தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. ரிஜிஸ்தரான தானத்தைப் பிற்பாடு நினைத்தபோது தாமாக ரத்து செய்ய முடியாது. 2022-இல் சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சும் ஒருதலையாக எழுதும் ரத்துப் பத்திரத்தை ரிஜிஸ்திரார் ஏற்கக் கூடாதென்று சொல்லிவிட்டது. அதனால் காப்பு முன்கூட்டியே பத்திரத்தில் இருக்க வேண்டும். "என் ஆயுள் உள்ளவரை இவ்வீட்டில் வசித்து அனுபவிக்கும் பாத்தியத்தை வைத்துக்கொண்டு" என்று எழுதலாம். அப்படி எழுதினாலும் தானம் செல்லும் என்பது 2014-ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. மனைவி உயிரோடிருந்தால் அவர் பெயரையும் அந்த வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். அநேகர் மறப்பது இதைத்தான். தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையையும் வெளிப்படையாக எழுதிக்கொள்ளலாம். பராமரிப்பு நின்றால், 2007-ஆம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி 60 வயதானவர் அதற்குரிய தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அன்புள்ள பெண்ணுக்கு இப்படி எழுதுவது மனவருத்தம் தருமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. நமது அபிப்பிராயத்தில் நல்ல பெண்ணுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ரிஜிஸ்தரான பத்திரம் கைக்கு வந்த பிறகு, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து அதில் இந்தத் தானம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா மாற்றத்துக்குத் தாலூகா ஆபீஸில் மனு. வீட்டு வரி மாற்றத்துக்குப் பஞ்சாயத்தில் மனு. கடைசியில் மின்சார இணைப்பு. தகப்பனாரின் அசல் கடிதத்தை மூலப் பத்திரத்தோடு அதே உறையில் சகோதரி வைத்துக்கொள்ளட்டும்.