மருந்தாலைப் பதிவேடும் தமிழ் வினையெச்சமும்

பத்திரிகைத் தமிழில் ஊறியவர்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. ஒரே சொல்லை அடுத்தடுத்த வரிகளில் எழுதக் கூசுவோம். துண்டு துண்டான வாக்கியங்களைக் கோத்து ஒன்றாக்குவோம். தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் பூச்சியத்தை வாசகருக்குத் தேவையற்ற சுமை என்று வெட்டிவிடுவோம். செய்தி மேசையில் இவை நற்பண்புகள். மருந்தாலையின் தொகுதி உற்பத்திப் பதிவேட்டைத் தமிழாக்கும்போது இவை மூன்றுமே ஆபத்தானவை.

மருந்தாலையொன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அத்தகைய தமிழாக்கம் ஒன்றை மொழி பார்த்துத் தரும்படி அண்மையில் என்னிடம் கொடுத்தார். தடையின்றி ஓடும் நல்ல தமிழ். அதன் சிக்கலும் அந்த ஓட்டத்தில்தான் இருந்தது.

முதலில் இந்தப் பதிவேடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாத்திரைகள் தொகுதி தொகுதியாகவே தயாரிக்கப்படுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட மூலப் பிரதி ஒன்று ஆலையில் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் அச்சொட்டான நகல் ஒன்று வழங்கப்படும். எந்தப் பொருள் எவ்வளவு, எத்தனை நிமிடம் கலப்பது, ஈரப்பதம் எதைத் தாண்டக்கூடாது என்பன அதில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். பணியாளர் ஒவ்வொரு படியையும் முடித்தவுடன் பெறுமானத்தையும் நேரத்தையும் எழுதி ஒப்பமிடுவார். முக்கியமான படிகளில் இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்து ஒப்பமிடுவார். ஒரு பொருளை ஒருவர் சேர்க்க மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அமெரிக்க ஒழுங்குவிதிகளில் எழுத்திலேயே உள்ளது. ஆண்டுகள் கழித்து ஒரு மாத்திரையைப் பற்றி முறைப்பாடு வந்தால், அன்று நடந்ததைச் சொல்ல இருப்பது இந்தத் தாள்கள்தாம்.

இனி அந்தப் பூச்சியத்துக்கு வருவோம். பரசிற்றமோல் மாத்திரைக்கான ஈரக் குறுணையை உலர்த்தும் படியை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்த்தலால் ஏற்படும் இழப்பு 2.0 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்று மூலம் சொல்கிறது என்போம். தமிழாக்கத்தில் அது '2 சதவீதத்துக்குள்' என்று ஆகிவிடுகிறது. இங்கே இரண்டு பிழைகள் உள்ளன. 'உள்' என்ற சொல், சரியாக இரண்டு வந்தால் ஏற்பதா மறுப்பதா என்பதைச் சொல்வதில்லை. 'மேற்படக்கூடாது' என்பது சொல்கிறது: இரண்டு வரலாம், அதைத் தாண்டக்கூடாது.

மற்றப் பிழை இன்னும் நுட்பமானது. அமெரிக்க மருந்தியல் நூலின் பொது விதிப்படி, அளந்த பெறுமானத்தை, எல்லை எத்தனை தசம தானங்களில் எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனை தானங்களுக்கு முழுமையாக்கியே ஒப்பிட வேண்டும். எல்லை 2.0 ஆனால் 2.04 என்ற அளவீடு 2.0 ஆகித் தேறும், 2.05 என்பது 2.1 ஆகித் தவறும். எல்லையை வெறும் 2 என்று எழுதினால் 2.4 கூட 2 ஆகித் தேறிவிடும். ஈரமானியின் திரையில் 2.3 என்று தெரிகிறது என வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தைப் பார்ப்பவர் குறுணையை மீண்டும் உலர்த்தியில் இடுவார். தமிழைப் பார்ப்பவர் ஒப்பமிட்டு அடுத்த படிக்குப் போவார். மிகையான ஈரத்தோடு போன குறுணை அச்சுப் பொறியின் முனைகளில் ஒட்டிக்கொண்டு மாத்திரையின் முகத்தைப் பெயர்க்கும். மொழிபெயர்ப்பாளர் எல்லையையே மாற்றிவிட்டார். பூச்சியத்தை வெட்டியதாக மட்டுமே அவர் நினைத்திருப்பார்.

அடுத்தது வினையெச்சம். நமது மொழியின் பேரழகுகளில் ஒன்று, பல செயல்களை எச்சங்களால் தொடுத்து ஒரே முற்றில் முடிப்பது. மூலத்தில் நான்கு படிகள்: பசையைச் சேர்க்கவும், மூன்று நிமிடம் கலக்கவும், கலத்தின் பக்கங்களை வழிக்கவும், மேலும் இரண்டு நிமிடம் கலக்கவும். நான்கு இலக்கங்கள், நான்கு ஒப்பக் கட்டங்கள். தமிழில் அது இப்படி வருகிறது: 'பசையைச் சேர்த்து, மூன்று நிமிடம் கலந்து, பக்கங்களை வழித்து, மேலும் இரண்டு நிமிடம் கலக்கவும்.' கருத்தில் எதுவும் குறையவில்லை. ஆனால் முற்றுவினை ஒன்றாகியது, ஒப்பமும் ஒன்றாகியது. பக்கங்களை வழிக்காவிட்டால் அங்கே ஒட்டிய தூள் பசை படாமலே தங்கிவிடும். வழித்தது யார், எப்போது, வழித்தார்களா என்று பின்னர் கேட்டால் தமிழ்ப் பதிவேட்டில் விடையில்லை. ஒரு படிக்கு ஒரு முற்று, ஒரு முற்றுக்கு ஓர் ஒப்பம் என்பதைத்தான் இங்கே இலக்கணமாகக் கொள்ள வேண்டும்.

சொல்லாட்சியிலும் ஒரு பொறி உண்டு. நிறுத்தல் என்ற சொல்லைப் பாருங்கள். 'நிறுத்து' என்பது நிறை பார்த்து என்றும் பொருள்படும். ஓடும் பொறியை நிறுத்து என்ற கட்டளையாகவும் பொருள்படும். பொறிக்கு அருகே நிற்பவர் கையிலுள்ள தாளில் அச்சொல் இருக்கலாகாது. நிறை பார்க்கவும், பொறியை ஓயச் செய்யவும் என இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால் தொல்லையில்லை. அவ்வாறே 'சரிபார்த்தவர்' என்ற ஒப்பக் கட்டத்தை அடுத்த பக்கத்தில் 'பரிசீலித்தவர்' என்றும், அதற்கடுத்ததில் 'உறுதிப்படுத்தியவர்' என்றும் அழகுக்காக மாற்றக்கூடாது. அங்கே ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பொறுப்பு. சொல் மாறினால் ஒப்பமிட வேண்டிய ஆளும் மாறிவிடுவார்.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரவம் என்றால் லீட்டர் என்று நமது கை தானாகவே எழுதும். ஆனால் பதிவேடுகளில் கரைப்பான்களை நிறையால் குறிப்பது வழமை. ஐசோபுரொப்பைல் அற்ககோல் நீரைவிட இலேசானது. ஒரு லீட்டர் ஏறத்தாழ 0.785 கிலோகிராம்தான். பத்துக் கிலோகிராமைப் பத்து லீட்டராக்கினால் ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தராசின் திரை kg என்று காட்டுகிறது. தாளிலும் அதுவே இருக்கட்டும்.

இவ்வளவு தொல்லையென்றால் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாமே என்பார்கள் சிலர். அதை நான் ஏற்கவில்லை. தனக்கு விளங்காத வரியின் எதிரே ஒருவர் இடும் ஒப்பம் வெறும் கோடு. அவர் தன் அயலவரைப் பார்த்துச் செய்வார். அயலவர் பிழைவிட்டால் இருவரும் பிழைவிடுவார்கள். இரண்டு ஒப்பங்கள் இருந்தும் சரிபார்ப்பு நடந்திருக்காது.

எனது யோசனை எளிமையானது. எண்களையும் அலகுகளையும் ஒப்பக் கட்டங்களையும் மொழிபெயர்க்கவே வேண்டாம். அவை தாளில் ஒரேயொரு முறை, இரு மொழிக்கும் பொதுவான நிரலில் நிற்கட்டும். அதன் ஒருபுறம் மூலம், மறுபுறம் தமிழ் ஏவல். திருப்பி எழுதப்படாத எண் பிழையாக எழுதப்படாது. அங்கீகரிக்கும் முன்னர் இருமொழியும் அறிந்த இரண்டாமவர் ஒருவர் படிகளை எண்ண வேண்டும். ஒப்பக் கட்டங்களையும் எண்ண வேண்டும். மூலத்தில் நாற்பத்தொன்று, தமிழில் முப்பத்தொன்பது என்றால், நடை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அது திரும்பிப் போக வேண்டும்.

இன்னொன்று. மூலப் பிரதி திருத்தப்படும் நாளிலேயே தமிழும் திருத்தப்பட்டு, அதே பதிப்பிலக்கத்தைப் பெற வேண்டும். ஆங்கிலத்தில் எல்லை மாறிய பின்னரும் பழைய தமிழ்த் தாள் பொறிக்கருகே தொங்கினால், நாம் மேலே பார்த்த கவனமெல்லாம் வீண். நண்பரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது நான் முதலில் கேட்டதும் இதைத்தான்: இதன் பதிப்பிலக்கம் எங்கே?