சரிபார்ப்பது முதல் வரியில்தான்

சென்ற வாரம் மகள் வழிப் பேத்தி கணக்குப் பயிற்சித்தாளோடு வந்து உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு. ஒரு மாறியில் அமைந்த நேரிய சமன்பாடுகள், மொத்தம் பத்து. ஒவ்வொன்றின் கீழும் "சரிபார்க்க" என்று அச்சிட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். ஆனால் நான்காவது கணக்கின் விடை தவறு.

கணக்கு இது:

5x − 2(x − 3) = 18

அவள் போட்டிருந்த வரிகள்:

5x − 2x − 6 = 18
3x − 6 = 18
3x = 24
x = 8

"சரிபார்த்தியா பாப்பா?" என்றேன்.

"பார்த்தேனே தாத்தா! மூணு எட்டு இருபத்துநாலு, ஆறு போனா பதினெட்டு. சரியா வந்துருச்சுல்ல."

அவள் சொன்னதில் பொய் இல்லை. 3x − 6 என்ற வரியில் 8-ஐப் போட்டால் 18 வரத்தான் செய்யும். ஆனால் அந்த வரி கேள்வித்தாளில் இருந்ததில்லை, அவளே எழுதியது. கேள்வியில் இருந்த முதல் வரியில் 8-ஐப் போடச் சொன்னேன். ஐந்து எட்டு நாற்பது. அடைப்புக்குள் 8 − 3, அதாவது 5. இரண்டு ஐந்து பத்து. நாற்பதில் பத்து போக முப்பது. வலப்பக்கம் இருப்பதோ பதினெட்டு. பிள்ளை முகம் வாடிவிட்டது.

அழிப்பானை எடுக்கப் போனவளைத் தடுத்தேன். தவறு எங்கே என்பதையும் அந்த 8-ஐ வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் சரியாக இறங்கியிருந்தால், இரண்டு வரிக்கும் விடை ஒன்றாகத்தான் இருக்கும். எனவே 8-ஐ மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் வரியில் பொருந்தவில்லை. இரண்டாவது வரியில் 40 − 16 − 6 = 18, பொருந்துகிறது. அப்படியானால் தவறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அடைப்பைத் திறக்கும்போது −2-ஐ −3-ஆல் பெருக்கினால் +6 வர வேண்டும். அவள் −6 என்று எழுதிவிட்டாள். திருத்தினோம். 3x + 6 = 18, x = 4. முதல் வரியில் 20 − 2 × 1 = 18. சரி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் எங்கள் கணக்கு பிரெஞ்சில்தான் நடந்தது. விடைக்குக் கீழே "வெரிஃபிகாசியோன்" என்று தலைப்பிட்டு, இடப்பக்கத்தைத் தனியாகவும் வலப்பக்கத்தைத் தனியாகவும் கணக்கிட்டு, கடைசியில்தான் இரண்டும் சமமா என்று எழுதுவோம். முதலிலேயே சமக்குறி போட்டுக்கொண்டால் கை தானாகவே சமமாக்கிவிடும் என்பார் ஆசிரியர்.

இவ்வளவு படித்தும் அலுவலகத்தில் நானே ஒருமுறை வழுக்கினேன். ஓய்வு பெற்ற ஒருவருடைய நிலுவைப் பட்டியலில் 5,640 என்பதை 5,460 என்று நகலெடுத்தேன். பிறகு கூட்டுத்தொகையை என் நகலோடு ஒப்பிட்டேன், பைசா பிசகாமல் வந்தது. மூலப் பதிவேட்டைத் திறக்கவில்லை. அந்தப் பெரியவர் 180 ரூபாய்க்காக இரண்டு முறை படியேறினார். என் நகலை என் நகலோடு ஒப்பிட்டதும், பேத்தி தன் வரியில் தன் விடையைப் போட்டதும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழ்க்கைக் கணக்கு என்று வரும்போது முதல் வரியும் நாம் எழுதியதுதான். தந்தை மகனைவிட 30 வயது மூத்தவர், 5 ஆண்டு கழித்து மகனைப் போல் மும்மடங்கு வயது இருக்கும், மகனின் இன்றைய வயது என்ன என்று கேட்டிருந்தது. பேத்தி x + 35 = 3x என்று எழுதி 17.5 என்று விடை கண்டாள். சமன்பாட்டில் போட்டால் இரு பக்கமும் 52.5, அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். 5 ஆண்டு கழித்து மகனுக்கு 22.5, தந்தைக்கு 52.5. மும்மடங்கு எங்கே? தந்தைக்கு ஐந்தைக் கூட்டியவள் மகனுக்குக் கூட்ட மறந்துவிட்டாள். x + 35 = 3(x + 5) என்று எழுதினால் x = 10 வரும். 5 ஆண்டு கழித்து 15-ம் 45-ம். இங்கே விடையைப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் சமன்பாடு அல்ல, கேள்வியின் வாக்கியம்.

ஆகவே என் கருத்து இது. "சரிபார்க்க" என்ற இடத்தில் "இரு பக்கமும் சமம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அரை மதிப்பெண் போடக் கூடாது. எந்த வரியில் போட்டுப் பார்த்தாய் என்று கேட்க வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளைகள் கணக்குப் போடும்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள். முதல் வரியைத் தவிர மற்றதையெல்லாம் ஒரு தாளால் மூடிவிட்டு, "இப்போது போட்டுக் காட்டு" என்றால் போதும்.