கைமாறும் பங்கு எத்தனை?

2020 ஜனவரி இறுதியில் ருச்சி சோயா பங்கு மறுபடி சந்தைக்கு வந்தபோது விலை சுமார் 17 ரூபாய். ஜூன் இறுதியில் 1,500 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐந்து மாதத்தில் சமையல் எண்ணெய் வியாபாரம் இத்தனை மடங்கு பெருகிவிடவில்லை.

திவால் நடைமுறையில் பதஞ்சலி குழுமம் அந்த நிறுவனத்தை வாங்கியிருந்தது. ஏறக்குறைய 29.6 கோடி பங்குகளில் 99 சதவிகிதம் புரொமோட்டர்களிடம் முடங்கின. பொதுமக்களிடம் மிஞ்சியது 29 லட்சத்துக்கும் குறைவு. 17 ரூபாய் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்கூட இல்லை. அதிலும் எல்லாரும் விற்க வரமாட்டார்கள். வாங்கச் சிலர் வரிசையில் நின்றாலே போதும், அன்றன்றைய உச்ச வரம்பைத் தொட்டு விலை உறைந்துவிடும். அந்தச் சில லட்சம் பங்குகளின் விலையை மொத்தப் பங்குகளோடு பெருக்கித்தான் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 40,000 கோடியைத் தாண்டியதாகச் சொன்னார்கள். காகிதக் கணக்கு!

ஐ.டி.சி.யில் புரொமோட்டரே கிடையாது. அங்கே விலையை இப்படி இழுக்க எத்தனை ஆயிரம் கோடி வேண்டும்!

விதி 2021-ல்தான் மாறியது: திவாலிலிருந்து மீண்டு பட்டியலாகும் நிறுவனத்தில் குறைந்தது 5 சதவிகிதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்றானது. அதுவும் சொற்பமே.

தினமும் உச்ச வரம்பைத் தொடும் பங்கைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், பங்குச்சந்தை இணையதளத்தில் காலாண்டுதோறும் வரும் பங்குதாரர் பட்டியலை முதலில் பாருங்கள். ஏற வைத்த அதே பற்றாக்குறை, இறங்கும்போது வாங்க ஆளில்லாமல் செய்துவிடும்.