போதுமாம்மா?

ஆய்வேடுகளின் முன்னுரையில் இப்போது ஒரு பத்தி தவறாமல் வந்துவிடுகிறது. "நான் இடைநிலைச் சாதியில் பிறந்த நடுத்தர வர்க்கப் பெண். இது என் ஆய்வைப் பாதித்திருக்கலாம்." அதற்குப் பின்வரும் முந்நூறு பக்கங்களில் அந்தப் பெண்ணை எங்குமே காணோம். எந்தக் கேள்வியில் பாதித்தது, எந்தப் பதிவில், எந்த முடிவில்? பதில் இல்லை. சுங்கச்சாவடியில் காசு கட்டுவதுபோல் சாதியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

டோனா ஹாராவே 1988இல் இருப்பிடம் சார்ந்த அறிவைப் பற்றி எழுதியபோது, எங்கும் நிற்காமலே எல்லாவற்றையும் பார்ப்பதாகப் பாவனை செய்யும் பார்வையைக் கேள்வி கேட்டார். நிற்கும் இடத்தைச் சொல்பவள் தான் பார்த்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாம் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பொறுப்பை விட்டுவிட்டோம்.

மற்றவர்களைச் சொல்வானேன், என் ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன். காவிரிப் படுகையில் ஒப்பாரிப் பாடல்கள் சேகரித்தேன். தலித் குடியிருப்பு ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனவர், ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ள என் உறவினர். எனக்கு எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. பாடிய பாட்டி தரையில் உட்கார்ந்தார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று அவர் தயங்கியதால் வேப்பமரத்தடிக்குப் போனோம். உறவினர் பத்தடி தள்ளி வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

நான் கேட்டது இது: "உங்க வீட்டுக்காரர் செத்தப்போ பாடினதைப் பாடுங்க பாட்டி." பாடினார். தாய்வீட்டுப் பெருமை, கைம்மையின் துயரம், கொழுந்தன் மனைவியின் ஏச்சு எல்லாம் அதில் இருந்தன. ஒப்பாரி என்பது பெண் தன் துயரத்தைத் தானே பேசும் வெளி, ஆணாதிக்கத்துக்கு எதிரான குரல் என்று எழுதினேன். பட்டம் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, வகுப்பில் போட்டுக்காட்ட அந்த ஒலிநாடாவை எடுத்தேன். இரண்டு பாடல்களுக்கு நடுவே பாட்டி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "ஆண்டை வூட்டுச் சாவுக்கும் நாங்கதாம்மா போயி மாரடிக்கணும். வரலேன்னா விடுவாங்களா?" நாடாவில் என் குரல் வருகிறது: "சரி பாட்டி, அடுத்த பாட்டு?" அவர் கேட்கிறார்: "போதுமாம்மா?" நான் சொல்கிறேன்: "இன்னும் ஒண்ணு."

எழுத்துப்படியில் இந்த உரையாடல் இல்லை. 'பேச்சு' என்று குறித்துத் தள்ளியிருந்தேன். கூலிக்கு மாரடிப்பது என்று மனமில்லாத வேலையைக் கேலி செய்கிறது நம் வழக்கு. அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த கட்டாயத்தை ஒருத்தி என் முன்னால் சொன்னபோது, எனக்கு அது தரவாகவே படவில்லை. அவரை அழவைத்த வீடுகள் என் உறவினர் தெருவில் இருந்தன. அவர் குரலைத் தாழ்த்தியதற்குக் காரணம் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

என் சாதி மட்டுமல்ல, என் பெண்ணியமும் இங்கே கண்ணைக் கட்டியது. கணவனை இழந்த பெண்ணைத் தேடிப் போனேன். அதனால் கணவனைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண்ணே கிடைத்தாள். பிறர் வீட்டுப் பிணத்துக்கு அழும்படி விதிக்கப்பட்ட பெண்ணைத் தேடவில்லை. ஒப்பாரியை எதிர்ப்பு என்று மட்டும் சொன்ன என் முடிவு பாதிதான் சரி. சில சாவுகளில் அது சாதி சுமத்திய உழைப்பு.

மாணவிகளிடம் இப்போது ஒரு சோதனை வைக்கிறேன். முன்னுரையிலிருந்து அந்தத் தன்னிலைப் பத்தியை எடுத்துவிட்டு ஆய்வேட்டைப் படியுங்கள். ஒரு முடிவுகூட மாறவில்லை என்றால் அந்தப் பத்தி வெறும் அலங்காரம். மாற்றாக எழுத வேண்டியவை எளியவை: யார் அழைத்துப் போனார், யார் எங்கே உட்கார்ந்தார், யார் காதில் விழும் தூரத்தில் இருந்தார். எழுத்துப்படியில் உங்கள் கேள்வியும் இடம்பெற வேண்டும். பாட மறுத்ததையும் குரல் தாழ்ந்ததையும் அன்றிரவே குறியுங்கள். எதை வெட்டினீர்கள், ஏன் வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். எழுதுவது பாவமன்னிப்புக்காக அன்று. படிப்பவள் உங்கள் முடிவைச் சரிபார்ப்பதற்காக.

"இப்படியெல்லாம் எழுதினால் ஆய்வின் புறநிலைத்தன்மை கெட்டுவிடும்" என்பார்கள் நெறியாளர்கள். என் ஆய்வேடு முழுக்கப் புறநிலையாகத்தான் இருந்தது. பாட்டி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள்தான் அதில் இல்லை.

மறுபடி அந்த ஊருக்குப் போனபோது பாட்டி உயிரோடு இல்லை. அவர் மகளிடம் நாடாவின் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். "எதுக்கு இது?" என்று கேட்டார். இந்த முறை தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எதுவும் சமமாகிவிடவில்லை. அவர் பேச விரும்பவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.