சேட்டனுக்கு ஒரு கறார் மெசேஜ்!

பொள்ளாச்சியில் கோபத்துக்குக்கூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் பேசுவோம். 'ஏனுங்க இப்படிப் பண்றீங்க' என்று கேட்டால், நம்மூர்க்காரருக்கு அதில் எவ்வளவு கோபம், எவ்வளவு மரியாதை என்று காதிலேயே பிரித்துப் பார்க்கத் தெரியும். அதையே வாட்ஸ்அப்பில் எழுதி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவருக்கு அனுப்பினால்?

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் பாலக்காடு மாவட்டம் வந்துவிடும். தேங்காய், இளநீர், காய்கறி, மாடு, கல்யாண சம்பந்தம் என எல்லாமே இந்த வழிகளில் போய்வருகின்றன. அந்தப் பக்கத்து வியாபாரிகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் படிப்பது வேறு விஷயம். பஸ் போர்டு, கடைப் பலகை, சினிமா போஸ்டர் பார்த்துத் தமிழ் எழுத்து பழகியவர்கள் அவர்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள்.

பேச்சு சுமுகமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பணம் பாக்கி நிற்கும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்டத்துக்கார அக்கா ஒருவர், பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரிக்கு 6,000 தேங்காய் கொடுத்திருக்கிறார். காய்க்கு 20 ரூபாய், மொத்தம் 1,20,000 ரூபாய். அட்வான்ஸ் 50,000 போக, 70,000 வரவேண்டும். ஜூன் 4 அன்று லோடு போனது. 14-ம் தேதி தருவதாகப் பேச்சு. இன்று 25. அக்கா பொறுமை இழந்து இப்படி டைப் செய்கிறார்:

"அண்ணா, நீங்க பண்றது கொஞ்சங்கூட நல்லா இல்லீங்க. 14-ம் தேதி தர்றேன்னு சொன்னீங்க. இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சுட்டே இருக்கீங்க. நாங்களும் எத்தனை நாள்தான் பொறுக்கறது? ஆளுகளுக்குக் கூலி குடுக்கோணும். அவசரமுங்க. நாளன்னிக்குள்ள செட்டில் பண்ணலீன்னா அப்புறம் நல்லா இருக்காது, பாத்துக்குங்க. மீதிய நேர்ல பேசிக்கலாம்."

நமக்கு இதில் ஒரு சந்தேகமும் வராது. அந்த வியாபாரியின் கண்ணால் இதைப் படித்துப் பாருங்கள்.

முதல் சிக்கல், ஒரே உருவமும் வேறு பொருளும் கொண்ட சொற்கள். வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 'அவசரம்' என்ற சொல்லுக்கு அங்கே வாய்ப்பு, சந்தர்ப்பம் என்று பொருள். அக்கா அலறுகிறார், அவருக்கோ ஏதோ நல்ல வாய்ப்பு போலத் தோன்றலாம். 'பொறுக்கறது' இன்னும் ஆபத்து. மலையாளத்தில் பொறுக்குக என்றால் முக்கியமாக மன்னிப்பது. 'எத்தனை நாள் காத்திருப்பது' என்று அக்கா கேட்டது, 'இனி மன்னிக்கமாட்டேன்' என்ற அளவுக்குச் சூடாகப் போய்ச்சேரலாம். 'இழுத்தடிச்சு' என்பதை எழுத்துக்கூட்டினால் இழுத்து, அடித்து என்று வரும். அடிதடி எங்கே வந்தது என்று அவர் குழம்புவார்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. தமிழில் வினைச்சொல்லின் வால் யார் என்று சொல்லிவிடும். வந்தேன் என்றால் நான், வந்தீங்க என்றால் நீங்கள், வந்தாங்க என்றால் அவர்கள். அதனால் நாம் 'நான்', 'நீங்கள்' எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதுகிறோம். மலையாள வினையில் அந்த வால் இல்லை. நான் வந்தாலும், நீங்கள் வந்தாலும், அவர் வந்தாலும் அங்கே ஒரே 'வந்நு'தான். யார் என்பதைத் தனியே சொன்னால்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில் படிப்பவர் நம் வினையின் வாலைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம். '14-ம் தேதி தர்றேன்னு சொன்னீங்க' என்ற வரியில் நானும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறது, இரண்டும் வாலில் ஒளிந்திருக்கின்றன. யார் தருவது, யார் சொன்னது என்பதே அவருக்கு மங்கலாகிவிடும்.

மூன்றாவது, பூடகம். 'அப்புறம் நல்லா இருக்காது' என்றால் என்ன நடக்கும்? போலீஸா, சண்டையா, உறவு முறிவா? அக்கா நினைத்தது, அடுத்த பறிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்பது மட்டும்தான். சொல்லாமல் விட்டதால் படிப்பவர் தனக்குத் தோன்றியதை இட்டு நிரப்பிக்கொள்வார். 'மீதிய நேர்ல பேசிக்கலாம்' இதைவிட மோசம். மீதிப் பேச்சா, மீதிப் பணமா? மீதிப் பணத்தை நேரில் பார்க்கும்போது கொடுத்தால் போதும் என்று அவர் எடுத்துக்கொண்டால், தப்பு அவருடையது அல்ல.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அங்கே வசித்த வெளிநாட்டினர் பலருக்கு அவசர அறிவிப்புகள் புரியவில்லை. அதற்குப் பிறகு, ஹிரோசாகி பல்கலைக்கழகப் பேராசிரியர் சாத்தோ கசுயுகியும் மற்ற ஆய்வாளர்களும் 'எளிய ஜப்பானியம்' என்ற எழுத்துமுறையை உருவாக்கினார்கள். வாக்கியம் சிறியதாக இருக்கவேண்டும், புதிதாக மொழி கற்பவருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. 'மேட்டுநிலத்தில் தஞ்சமடையவும்' என்ற தோரணையில் எழுதாமல், 'உயரமான இடத்துக்கு ஓடுங்கள்' என்று எழுதுவார்கள். பதற்றமான நேரத்தில் அரைகுறையாகத் தெரிந்த மொழி இன்னும் அரைகுறையாகிவிடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அதே யோசனையில் அக்காவின் மெசேஜைத் திருப்பி எழுதலாம்:

"சேட்டா, வணக்கம்.

ஜூன் 4 அன்று நீங்கள் என் தோட்டத்தில் 6,000 தேங்காய் எடுத்தீர்கள்.

ஒரு தேங்காய் 20 ரூபாய். மொத்தம் 1,20,000 ரூபாய்.

நீங்கள் எனக்கு 50,000 ரூபாய் தந்தீர்கள். பாக்கி 70,000 ரூபாய்.

நீங்கள் சொன்ன தேதி ஜூன் 14. இன்று ஜூன் 25. பணம் வரவில்லை.

நான் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 30 திங்கட்கிழமை, மாலை 5 மணிக்கு முன், நீங்கள் 70,000 ரூபாய் அனுப்புங்கள்.

பணம் வந்தால், அடுத்த தேங்காயும் உங்களுக்குத்தான். பணம் வரவில்லை என்றால், அடுத்த தேங்காயை நான் வேறு ஆளுக்குக் கொடுப்பேன்.

இந்தக் கணக்கு சரியா? எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்? எனக்கு எழுதுங்கள்."

இது முதல் மெசேஜைவிடக் கறாரானது, ஆனால் திட்டு ஒன்றுகூட இல்லை. 'நாளன்னிக்கு' போய்த் தேதியும் கிழமையும் வந்திருக்கின்றன. அவர் மெசேஜை ஒருநாள் தாமதமாகப் பார்த்தாலும் கெடு மாறாது. முக்கியமான வரிகளில் தருவது யார், எடுத்தது யார் என்று 'நான்', 'நீங்கள்' போட்டுச் சொல்லியாயிற்று. 'தர்றேன்னு சொன்னீங்க' என்பது 'நீங்கள் சொன்ன தேதி' என்று மாறிவிட்டது. பேச்சுவழக்கு எழுத்தும் இல்லை. 'குடுக்கோணும்' நமக்கு இனிப்பு, ஆனால் போர்டிலும் போஸ்டரிலும் தமிழ் படித்தவர் அந்த உருவத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

சொற்களையும் கவனியுங்கள். பாக்கி, கணக்கு, கூலி, கஷ்டம், சரி, திங்கள் எல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பொருளில் புழங்குபவை. கடைசி வரியில் 'கணக்கில் பிழை இருந்தால்' என்று எழுதத்தான் கை போகும். ஆனால் மலையாளத்தில் பிழ என்றால் அபராதம் என்றும் பொருள். பாக்கி கேட்கும் மெசேஜில் அபராதம் எட்டிப்பார்த்தால் வேறு வினையே வேண்டாம்! அதனால்தான் 'சரியா' என்ற கேள்வி.

எளிமையாக எழுதுகிறேன் என்று மரியாதையை வெட்டிவிடக் கூடாது. 'நீ பணம் அனுப்பு' என்பது சின்ன வாக்கியம்தான். ஆனால் அது குழந்தைக்குச் சொல்வது, அல்லது வேலையாளை விரட்டுவது. தமிழ் மெதுவாகப் படிப்பவருக்கும் தொழில் அனுபவம் முழுதாக இருக்கிறது. 'நீங்கள்' மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், தாராளமாக எழுதலாம். கோபத்துக்கும் ஒரு வரி போதும். 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். 'நீங்க பண்றது நல்லா இல்ல' என்று ஆரம்பித்தால், அவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார், 70,000 வரை வரமாட்டார்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்? கட்டைவிரல் எமோஜியை நம்பாதீர்கள், அது 'பார்த்தேன்' என்று மட்டும்தான் சொல்லும். பதிலில் தொகையோ தேதியோ திரும்பி வந்தால் புரிந்தது. இரண்டும் இல்லாமல் 'ஓகே' மட்டும் வந்தால், அன்று மாலையே போன் போட்டு அந்த இரண்டு எண்களை மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள். மெசேஜ் எழுத்தில் இருக்கட்டும், கணக்குக்கு அதுதான் ஆதாரம். பதில் வரும்போது உங்கள் பக்கமும் கவனம் வேண்டும். 'எனக்கும் விஷமம் உண்டு' என்று அவர் எழுதினால் கொதித்துவிடாதீர்கள். தமிழில் அது குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம்!

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன சொற்பட்டியல் மலையாளிகளுக்கானது. நாரு மில்லில் வேலை செய்யும் ஒடிசா தம்பிக்கு இது பொருந்தாது. அவர்களில் பலர் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து தெரியாது, அங்கே போன்தான் சரி. கொடுக்க மனமே இல்லாதவரிடம் எந்த எளிய தமிழும் பணத்தை வாங்கித் தராது, அதற்கு வக்கீல் நோட்டீஸ் என்ற வேறு தமிழ் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் வரை போகும் முன், 'எனக்குப் புரியவில்லை' என்று அவர் சொல்ல இடமில்லாமல் ஒரு மெசேஜாவது போயிருக்க வேண்டும்.

அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். யார், எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் அந்தந்த வரியிலேயே கிடைத்தால் அனுப்பிவிடுங்களுங்க!