ஓசையற்ற வணக்கம்

வங்கிக் கிளைகளில் மாதந்தோறும் கூடும் வாடிக்கையாளர் சேவைக் குழுவில் வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும், அவர்களுள் மூத்த குடிமக்கள் ஒருவர் இருப்பது நலம் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுரை. சென்ற ஆண்டு அக்டோபரில் அத்தகைய கூட்டம் ஒன்றுக்கு நாம் பத்து நிமிடம் தாமதமாகச் சென்றோம். மேசையைச் சுற்றிப் பன்னிருவர் அமர்ந்திருந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் பழக்கத்தினால், "எல்லாருக்கும் வணக்கம், மன்னிக்க வேண்டும், வழியில் போக்குவரத்து நெரிசல்" என்றோம். இருவர் எழுந்தனர். மேலாளர் முன்வரிசை நாற்காலியைக் காட்டினார். ஆசிரியையின் முதுகுப்புறமாக நடந்து அதில் அமர்ந்தோம்.

எல்லாம் அரை நிமிடந்தான். ஆனால் அவ்வம்மையார் மூன்று செய்திகள் சொல்ல வந்தவர். உயிர்வாழ் சான்றுக்கான கருவியில் முதியோர் விரல்ரேகை பதிவதில்லை என்பதையும், வரிசையில் நிற்போருக்கு இருக்கை இல்லை என்பதையும் சொல்லி முடித்திருந்தார். மூன்றாவது நினைவிலிருந்து நழுவிவிட்டது. "அவ்வளவுதான்" என்று அமர்ந்தார். கூட்டக் குறிப்பிலும் இரண்டே பதிவாயின.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது அவருக்கு அது நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடக்கும் அண்டை வீட்டுப் பெரியவரிடம் வீட்டிற்கே வந்து சான்று பெற இயலுமா என்பதே அக்கேள்வி. நவம்பருக்குள் தரவேண்டிய சான்று அது. தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். அடுத்த கூட்டமோ நவம்பர் இறுதியில். அவரை மேலாளரிடம் மீண்டும் அழைத்துச் சென்று அதனை எழுதிக்கொள்ளச் செய்தோம். படியில் அவரைச் சந்தித்திராவிட்டால் நம் வணக்கத்தின் விலையை அந்தப் பெரியவர் செலுத்தியிருப்பார்.

பிழை தாமதத்தில் மட்டும் இல்லை, வணங்கிய முறையிலும் இருந்தது என்பதே நம் கருத்து. இதற்கு நல்ல இலக்கணம் மக்களவையின் நடைமுறை விதிகளில் உள்ளது. விதி 349, அவைக்குள் நுழையும் உறுப்பினர் தலைவரை நோக்கித் தலைவணங்க வேண்டும் என்கிறது. பேசுகின்ற உறுப்பினருக்கும் தலைவருக்கும் இடையே கடந்து செல்லலாகாது என்றும் கூறுகிறது. வணக்கம் உண்டு, குரல் இல்லை. ஒருவரை நோக்கி வணங்கினால் அவை முழுவதையும் வணங்கியதாகிறது.

சிறிய அறைக்கும் இது பொருந்தும். கைப்பேசியை வெளியிலேயே ஒலியடக்க வேண்டும். கதவருகே நின்று, பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுத்துக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உள்ளே வந்தபின் கதவு தானாக அறைந்துகொள்ளாமல் கையால் பிடித்துச் சாத்த வேண்டும். தலைவரை நோக்கி மார்பளவில் கைகூப்பித் தலைதாழ்த்தினால் போதும். பின்னர் கதவுக்கு மிக அருகிலுள்ள இருக்கையில் அமர வேண்டும். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணாலேயே வணக்கம் சொல்லலாம். வருகைப் பதிவேட்டில் கையொப்பமும், தாமதத்திற்கான ஒற்றை வரி மன்னிப்பும் பேச்சு முடிந்த பின்னரே. காரணத்தை யாரும் கேட்கவில்லையெனில் சொல்லவே வேண்டா.

"பெரியவர் வரும்போது எழாமல் இருப்பது மரியாதையா?" என்று சிலர் வினவக்கூடும். வீட்டில் எழுவோம், அது நம் மரபு. அவையில் அந்நேரத்து மரியாதைக்கு உரியவர் பேசிக்கொண்டிருப்பவரே. தாமதமாக வருபவர் உயர் அதிகாரியேயாயினும், எழுகின்றவர்கள் பேசுபவரின் அவையைக் கலைத்து வருபவருக்குக் கொடுக்கின்றனர்.

ஆதலால் பொறுப்பு தலைவருக்கும் உண்டு. கதவருகே இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்திருப்பதும், வருபவருக்குக் கையசைவால் இடம் காட்டுவதும், அதுவரை நடந்ததை நடுவில் சுருக்கிச் சொல்லாதிருப்பதும் அவர் கடமை. இத்தனையும் செய்தும் பேச்சு தடைப்பட்டுவிட்டால், "நீங்கள் இருக்கைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், தொடருங்கள்" என்று விட்ட இடத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று அந்த ஒரு வாக்கியத்தை யாரேனும் சொல்லியிருந்தால், ஆசிரியையின் மூன்றாவது செய்தி மேசையிலேயே பதிவாகியிருக்கும்.

இப்போதும் சில கூட்டங்களுக்கு நாம் தாமதமாகவே செல்ல நேர்கிறது. கதவருகே நின்று உள்ளிருக்கும் குரலைக் கேட்கிறோம். ஒரு வாக்கியம் முடியும்வரை காத்திருக்க அரை நிமிடமும் ஆவதில்லை.