மருந்துக் கடையில் "சீக்கிரம் குடுங்க" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன பௌர்ணமிக்கு முந்தைய நாள். கிரிவலக் கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டது. மருந்துக் கடை வாசலில் (பெயர் வேண்டாம்) பதினைந்து பேர். ஆளாளுக்குச் சீட்டை நீட்டி, "எனக்கு முதல்ல" என்று கத்துகிறார்கள். கத்தியவர்களில் நானும் ஒருவன்.

என் அக்காவுக்கு முடக்குவாதம். டாக்டர் எழுதியது இரண்டு மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி., ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று. ஃபோலிக் அமிலம் 5 மி.கி., மற்ற ஆறு நாளும் ஒன்று. இரண்டுமே மஞ்சள் நிறம், சின்ன மாத்திரை. அட்டையைத் துண்டாக வெட்டியதில் பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. கவர் மேல் எழுதியவர் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார்.

அக்கா கவரில் இருந்தபடியே சாப்பிட்டார். வாரம் ஒரு நாள் போக வேண்டிய மருந்து ஆறு நாள் உள்ளே போனது. மொத்த அளவே இரண்டு மடங்கு. அதைவிட மோசம், நடுவில் இடைவெளி இல்லாதது. அந்த இடைவெளியில்தான் உடம்பின் அணுக்கள் தேறும். இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண். இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். இதில் உயிரே போயிருக்கலாம்.

மருந்து கொடுப்பதில் நான்கு படி உண்டு. சீட்டைப் படிப்பது, எடுப்பது, எடுத்ததைச் சீட்டோடு ஒப்பிடுவது, பெயர் கேட்டு விளக்கிக் கொடுப்பது. கூட்டம் கூடினால் மூன்றாவது படிதான் முதலில் காணாமல் போகிறது. எடுத்தவரே சரிபார்த்தால், தான் எடுக்க நினைத்த மருந்துதான் அவர் கண்ணுக்குத் தெரியும். பொதுத்தேர்வு விடைத்தாளில் நான் போட்ட கூட்டலை இன்னொருவர் பார்த்துத்தானே அனுப்பினோம்? மதிப்பெண்ணுக்கு இருக்கும் காவல் உயிருக்கு வேண்டாமா?

பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளே சொல்கின்றன. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, பையனைக் கல்லாவில் நிறுத்துவது கண்காணிப்பு ஆகாது. "ஆள் போட்டால் கட்டுப்படியாகாது" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே ஆள் இருந்தாலும், எடுத்து வைத்துவிட்டுச் சற்று நிறுத்தி, சீட்டை முதலிலிருந்து மறுபடி படிக்க ஒரு நிமிடம் போதும்.

அந்த நிமிடத்தைப் பிடுங்குவது நாம்தான். இனிமேல் கவுன்டரிலேயே கவரைத் திறங்கள். அட்டையில் பெயரும் மி.கி.யும் காலாவதி நாளும் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத துண்டை வாங்காதீர்கள். "இது எதுக்கு, எந்தெந்த நாள்?" என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அன்று நான் கத்தாமல் இருந்து இதைக் கேட்டிருந்தால், அக்கா அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கியிருக்க மாட்டார்.